பில்லுக்கா, வசூலுக்கா, மார்ஜினா: ஏஜென்ட் கமிஷனை எதன் மேல் பேசுவது?

அம்பத்தூரில் ஃப்ளோர் கிளீனர் தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் கேன் 500 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 590. தயாரிப்புச் செலவு 340. மாதம் 400 கேன் விற்றுத் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். பேச்சு நேராக "எத்தனை பர்சென்ட் தருவீங்க?" என்பதில் போய் நிற்கும். அதற்கு முன்னால் பேசவேண்டியது வேறு: பர்சென்ட் எதன் மேல், எப்போது கைக்குப் போகும், வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் நஷ்டம் யாருக்கு. இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே உள்ள மூன்று வழிகளும் வேறுபடுகின்றன.

முதல் வழி, ரீசெல்லர். பாரிமுனையில் மொத்தக்கடை வைத்திருப்பவர் கேனை 425-க்கு வாங்கித் தன் பெயரில் பில் போட்டு விற்கிறார். மாதம் 1,70,000 வருமானம், தயாரிப்புச் செலவு 1,36,000, நமக்கு நிற்பது 34,000. அவருடைய வாடிக்கையாளர் ஏமாற்றினால் அது அவர் பாடு.

இதில் முதலில் சிக்கல் வருவது "15% மார்ஜின்" என்ற சொல்லில்தான். விலையில் 15% கழித்தால் 425. வாங்கும் விலை மேல் 15% ஏற்றி 500 வருவதென்றால், வாங்கும் விலை ஏறக்குறைய 435. கேனுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம், மாதத்துக்கு 4,000. அதனால் ஒப்பந்தத்தில் பர்சென்டே வேண்டாம், "கேன் 425 ரூபாய், ஜிஎஸ்டி தனி" என்று ரூபாயில் எழுதுங்கள். ரீசெல்லருக்கே கடன் கொடுத்தால் அபாயம் முழுவதும் அந்த ஒருவர் மேல் குவியும். முதல் லோடு பில் கட்டினால்தான் அடுத்த லோடு என்பதைத் தளர்த்தவே கூடாது. சரக்கு எந்த ஹோட்டலுக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியாமலே போவதும் இந்த வழியின் விலைதான்.

இரண்டாவது வழி, பில் மேல் கமிஷன். ஏஜென்ட் வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் ஹாஸ்டல்களிலும் கேன்டீன்களிலும் ஆர்டர் பிடிக்கிறார். பில் நம் பெயரில் நேராக வாடிக்கையாளருக்குப் போகிறது. கமிஷன் 8% என்றால் 2,00,000 விற்பனைக்கு 16,000. நமக்கு நிற்பது 48,000. ரீசெல்லரைவிட 14,000 கூடுதல் என்பதால் பலரும் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஒரு ஹாஸ்டல் 50 கேன் எடுத்துவிட்டுப் பணம் தரவில்லை என்று பாருங்கள். வராத தொகை 29,500. அதில் 4,500 ஜிஎஸ்டி, அதை நாம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வாராக்கடன் என்பதற்காக அந்த வரி திரும்பி வராது. 48,000 சரிந்து 18,500 ஆகிறது. கணக்குப் போட்டால் 400 கேனில் 24 கேனுக்குப் பணம் வராமல் போனாலே, அதாவது 6% வாராக்கடன் ஆனாலே, இந்த வழி ரீசெல்லர் வழியைவிட மோசம். ஏஜென்டுக்கோ அந்த 50 கேனுக்கும் சேர்த்துக் கமிஷன் போய்விட்டது. அவர் கெட்டவர் என்பதல்ல. அந்த ஹாஸ்டலுக்கு மறுபடி போக அவருக்கு நாம் எந்தக் காரணமும் வைக்கவில்லை.

மூன்றாவது, வசூல் மேல் கமிஷன். அதே 8%, ஆனால் பணம் நம் அக்கவுன்டில் ஏறிய பிறகு. அதே ஹாஸ்டல் ஏமாற்றினால் 350 கேனுக்கு மட்டும் 14,000 கமிஷன், நமக்கு நிற்பது 20,500. இரண்டாவது வழியைவிடக் கூடுதல் வெறும் 2,000 ரூபாய்தான். இந்த வழியின் பலன் அந்த 2,000 இல்லை. பில் போடும் முன்பே ஏஜென்ட் ஆளைப் பார்த்து ஆர்டர் எடுப்பார், போட்ட பிறகு பின்னால் நடப்பார். வாராக்கடன் 50 கேனிலிருந்து 10 கேனாகக் குறைந்தால்தான் உண்மையான லாபம்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. இன்று பெட்ரோல் போட்டு அலைபவர் கமிஷனுக்கு அறுபது நாள் காத்திருக்க முடியாது. முழுவதும் வசூல் மேல் வைத்தால் நல்ல ஏஜென்ட் வேறு கம்பெனி சரக்கை முதலில் காட்டுவார். அதனால் நிறுவனங்களுக்கு விற்பவரிடம் 8%-ஐப் பிரித்துப் பேசுவதே எங்கள் தேர்வு: டெலிவரி ஆனதும் 3%, பணம் 30 நாளுக்குள் வந்தால் மீதி 5%, 60 நாளுக்குள் என்றால் 3%, அதற்கு மேல் 1%. 90 நாள் தாண்டிய பில்லுக்கு முன்பு கொடுத்த 3% அடுத்த மாதக் கமிஷனில் கழியும், பிறகு பணம் வந்தால் திரும்பச் சேரும். சில்லறைக் கடைகளுக்கு மட்டும் போகும் சரக்கென்றால் ரீசெல்லரே மேல். பத்து கேன், இருபது கேன் பாக்கிக்கு நாம் கடை கடையாக அலைய முடியாது.

வசூல் வழியில் தகராறு வரும் இடங்கள் சில உண்டு. கமிஷன் எந்தத் தொகை மேல் என்பது முதலாவது. ஜிஎஸ்டி சேர்த்து 2,36,000 மேல் 8% கணக்குப் போட்டால் 18,880 ஆகும். உண்மையில் அது 9.44%. வாடிக்கையாளர் பகுதிப் பணமாக 10,000 போட்டால் அதை 1.18-ஆல் வகுத்து 8,475 மேல்தான் கமிஷன். அந்தப் பகுதிப் பணம் எந்த பில்லுக்கு என்பதையும் எழுதுங்கள்; பழைய பில்லுக்கு முதலில் என்பதே வழக்கம். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டால் கமிஷனும் அந்த அளவு குறையும்.

அடுத்தது, ஏஜென்ட் கையில் வாங்கும் பணம். முதலாளி பெயரில் வந்த பணத்திலிருந்து தனக்குச் சேரவேண்டிய ஊதியத்தைப் பிடித்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 217-ஆவது பிரிவு ஏஜென்டுக்கு இடம் தருகிறது. அதனால் இந்த வாக்கியம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்: "வாடிக்கையாளர் தரும் தொகை முழுவதும் கம்பெனி அக்கவுன்டுக்கே வரவேண்டும், ஏஜென்ட் அதில் எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது, கமிஷன் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தனியாகத் தரப்படும்." யுபிஐ க்யூஆர் கம்பெனியுடையதாக இருந்தால் பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

ஏஜென்ட் தன் பெயரில் பில் போட ஆரம்பித்தால் வரிக் கதையே மாறிவிடும். அப்போது நாம் அவருக்கு அனுப்பும் சரக்கே ஜிஎஸ்டியில் சப்ளையாக எடுத்துக்கொள்ளப்படும், விற்கும் முன்பே வரி விழும். கமிஷன் ஏஜென்ட் என்றால் பில் நம் ஜிஎஸ்டி எண்ணில்தான் போகவேண்டும்.

டிடிஎஸ் பற்றி ஒரு வரி: ஆண்டுக் கமிஷன் 20,000 தாண்டினால் 2% பிடித்தம். தனிநபர் உரிமையாளர் என்றால், முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால்தான் இது பொருந்தும். பிடித்தத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பிடித்தால் கமிஷனைக் குறைத்துவிட்டதாகவே நினைப்பார்.

கடைசியாக, அந்த வாடிக்கையாளர் யாருடையவர்? ஹாஸ்டல் மேனேஜர் இரண்டாவது ஆர்டரை வாட்ஸ்அப்பில் நேராக நமக்கே அனுப்புவார். கமிஷன் உண்டா இல்லையா என்ற சண்டை அன்றுதான் தொடங்கும். ஏஜென்ட் கொண்டுவந்த ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயர், கிளை, ஜிஎஸ்டி எண், முதல் பில் தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, மாதா மாதம் இருவரும் கையெழுத்திடுங்கள். நமக்கு முன்பே இருந்தவர்கள் தனிப் பட்டியல். தாளில் உள்ளவர் யார் மூலம் ஆர்டர் கொடுத்தாலும் கமிஷன் உண்டு. ஏஜென்ட் விலகினால், விலகும் நாளுக்கு முன் போட்ட பில்களுக்குப் பணம் 90 நாளுக்குள் வந்தால் கமிஷன் போகும், விலகிய பின் வரும் புது ஆர்டர்களுக்கு இல்லை. இந்த 90-ஐ 60 ஆக்கலாம், 120 ஆக்கலாம். காலியாக மட்டும் விடாதீர்கள்.