புது டொக்டருக்கு முதல் செய்தி: முறைப்பாட்டுப் பட்டியலா, திகதி வரிசையா?

கொழும்பில் ஒரே ஆள் மூன்று இடங்களில் மருந்து எடுப்பது சாதாரணம். காய்ச்சல், தடிமன் என்றால் வீட்டுக்குப் பக்கத்து டிஸ்பென்சரி, பிரஷருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக், குணமாகாவிட்டால் காலி வீதிப் பக்கம் ஒரு ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணுவது. ஒரு இடத்தில் கொடுத்தது மற்ற இடத்துக்குத் தெரியாது. கிளினிக் கொப்பியில் கிளினிக் மருந்து மட்டும் இருக்கும். டிஸ்பென்சரியில் கடதாசிச் சரையில் போட்டுத் தந்த குளிசைக்குப் பல நேரம் பெயரே இருக்காது. முழுக்கதையும் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான். அதனால் புதிதாக ஒரு டொக்டரைப் பார்க்கப் போகும் முன் அனுப்பும் முதல் செய்தியை எந்த வடிவில் எழுதுகிறோம் என்பது சிகிச்சையையே மாற்றக்கூடும்.

நான் பாமசியில் வேலை செய்கிறவள். ஒரே குடும்பத்தின் துண்டுகள் வெவ்வேறு டொக்டர்மாரிடமிருந்து வருவதை நாளும் பார்க்கிறேன். இப்படியான செய்தியை எழுத ஆட்கள் இரண்டு வழிகளைத்தான் கையாளுகிறார்கள். முதலாவது, வருத்தங்களை ஒரு பக்கமும் மருந்துகளை இன்னொரு பக்கமும் பட்டியலாக எழுதுவது. இரண்டாவது, இரண்டையும் ஒரே திகதி வரிசையில் கோப்பது. முதலாவது பார்க்கத் துப்புரவாக இருக்கும், ஆனால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணத்தை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் 58 வயது அம்மா ஒருவரை வைத்துக்கொள்வோம். பட்டியல் முறையில் அவருடைய செய்தி இப்படி வரும்:

"வணக்கம் டொக்டர். எனக்குப் பிரஷர் இருக்கு, குறையுதில்லை. இரண்டு காலும் வீங்குது. வலது கால் பெருவிரலில் நோ. குடிக்கிற மருந்து: அம்லோடிபின், தண்ணி போற குளிசை, நோ குளிசை. என்ன வருத்தம் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் இதை வாசிக்கும் டொக்டருக்குப் பிரஷர், கால் வீக்கம், தண்ணீர் போகும் மருந்து என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் இருதயமும் சிறுநீரகமும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவர் அப்படி நினைப்பது சரியும்கூட. எக்கோ, ரத்தம், சிறுநீர் என்று பரிசோதனைகள் ஆரம்பிக்கும். விரல் நோ தனிக்கதையாகி, அதற்கும் ஒரு மருந்து கூடும்.

அதே அம்மா அதே விஷயங்களைத் திகதிப்படி எழுதினால்:

"வணக்கம் டொக்டர். வயது 58, பெண். சீனி வருத்தம் இல்லை. மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை.
ஜனவரி: பிரஷர் 160/100. அம்லோடிபின் 5 மி.கி. இரவில் தொடங்கினது.
மார்ச் 3: 10 மி.கி. ஆகக் கூட்டினது.
மார்ச் 20 அளவில்: இரண்டு கணுக்காலும் வீக்கம். பின்னேரம் கூட, விடிய எழும்பினால் குறைவு. மூச்சு வாங்கல் இல்லை. ஒரு தலையணையில் படுக்கிறேன்.
சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை: வேறு டொக்டர் ஹைட்ரோகுளோரோதையசைட் 25 மி.கி. காலையில் தந்தவர். வீக்கம் குறையவில்லை.
மே 10: இரவில் வலது பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கினது, தாங்க ஏலாத நோ. துண்டில்லாமல் டைக்குளோபெனக் 50 மி.கி. நாளுக்கு இரண்டு, 5 நாள் எடுத்தேன்.
மே 16: வீட்டு மெசினில் பிரஷர் 168/96.
இண்டைக்கும் எடுக்கிறது: அம்லோடிபின் 10, ஹைட்ரோகுளோரோதையசைட் 25."

இதை வாசிக்கும் டொக்டரின் கண் மார்ச் 3-க்கும் மார்ச் 20-க்கும் இடையில் நிற்கும். அம்லோடிபின் ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து. அதனால் கணுக்காலில் நீர் கசிந்து வீங்குவது எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. 5 மில்லிகிராமைவிட 10-இல் அதிகம். அந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல, ஆகவே ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற நீர் போகும் குளிசைக்கு அது பெரும்பாலும் மசியாது. அந்தக் குளிசை போகப்போக ரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டும். யூரிக் அமிலம் கூடினால் பெருவிரல் மூட்டில் இரவில் திடீரென நோ எடுப்பது கவுட் என்ற வாத நோயின் பழகிய முகம். அந்த நோவுக்கு எடுத்த டைக்குளோபெனக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றக்கூடியது. ஒரு மருந்தின் விளைவை இன்னொரு வருத்தமென்று எடுத்து, அதற்கு மேலும் ஒரு மருந்து. முதல் செய்தியில் மூன்று தனி வருத்தங்களாக இருந்தவை இங்கே ஒரு சங்கிலியாக இருக்கலாம் என்று டொக்டர் சந்தேகிக்கவாவது வழி கிடைக்கிறது.

திகதி வரிசைக்கும் எல்லை உண்டு. ஒன்றுக்குப் பிறகு ஒன்று வந்தது என்பதால் முன்னையதுதான் காரணம் என்று ஆகிவிடாது. 58 வயதில் இருதயக் கோளாறும் இதே மாதத்தில் தொடங்கலாம். அதனால்தான் "மூச்சு வாங்கல் இல்லை, ஒரு தலையணை" என்ற வரி முக்கியம். இருதயம் பலவீனமானால் மல்லாந்து படுக்க மூச்சு முட்டும், தலையணை கூடிக்கொண்டே போகும். இல்லாததையும் எழுத வேண்டும் என்று நம்மில் அநேகருக்குத் தோன்றுவதில்லை. பட்டியல் எழுதும்போது இருப்பதைத்தான் கை எழுதும். ஒவ்வொரு திகதியாகப் போகும்போதுதான் அன்றைக்கு வேறு என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்று மனம் தேடும்.

திகதி நினைவில்லை என்று பலர் இந்த முறையைக் கைவிட்டு விடுகிறார்கள். சரியான நாள் தேவையில்லை, எது முதல் எது பிறகு என்பதுதான் தேவை. சித்திரை வருசத்துக்கு முன்னா பின்னா, வெசாக் லீவிலா, ஆடிவேல் நேரமா என்று யோசித்தால் கிழமைக் கணக்கில் பிடித்துவிடலாம். பாமசி பில்லில் திகதி இருக்கும், கிளினிக் கொப்பியிலும் இருக்கும். இவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால் "அளவில்" என்று போடுங்கள்.

மருந்துப் பெயருக்கு வருவோம். இங்கேயும் இரண்டு வழி: எழுதுவது, படம் எடுத்து அனுப்புவது. பெயரும் மில்லிகிராமும் எழுத்தில் இருக்க வேண்டும், படம் அதற்குத் துணை என்பதே என் எண்ணம். குளிசை அட்டையைப் படமெடுக்கும்போது கம்பனிப் பெயர் பெரிதாக விழும், அதன் கீழே சின்ன எழுத்தில் உள்ள உண்மையான மருந்தின் பெயர் பாதி வெட்டப்பட்டிருக்கும். ஒரே மருந்து நம் நாட்டில் பல கம்பனிப் பெயர்களில் கிடைக்கிறது. டிஸ்பென்சரி தந்ததும் கிளினிக் தந்ததும் ஒரே அம்லோடிபின்தான் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை எழுத உட்கார்ந்தால் அது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

பெயரில்லாத சரைக் குளிசைக்குப் படம் போதவே போதாது. சின்னதாய், வெள்ளையாய், வட்டமாய் எத்தனையோ மருந்துகள் உண்டு. படத்தைப் பார்த்துச் சொல்வது ஊகம்தான். தந்த டிஸ்பென்சரிக்கு ஒரு கோல் எடுத்து, "அண்டைக்குத் தந்த குளிசையின் பெயரும் மில்லிகிராமும் என்ன?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் கிடைக்காவிட்டால் "பெயர் தெரியாத வெள்ளைக் குளிசை, காலை ஒன்று, ஏப்ரல் 8 முதல்" என்று அப்படியே எழுதிவிட்டு, மிச்சத்தைச் சரையோடு கொண்டுபோங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். கசாயத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அதிமதுரம் நாட்கணக்கில் கூடுதலாகக் குடித்தால் பிரஷரை ஏற்றும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

படம் எழுத்தை வெல்லும் இடம் ரிப்போர்ட். அங்கே கையால் எண்ணை எழுதினால் பிழைக்கும். திகதியும் அலகும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுங்கள். பத்து வருடக் கோப்பைக் கொட்ட வேண்டாம். ஒரே பரிசோதனையின் கடைசி இரண்டு முடிவுகள் போதும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பிப்ரவரியில் 0.9, மே மாதத்தில் 1.3 என்று இரண்டும் பக்கத்தில் இருந்தால், டைக்குளோபெனக் எடுத்த பிறகு சிறுநீரகம் களைத்ததா என்ற கேள்வி தானாக எழும். 1.3 தனியாக வந்தால் அது புதிதா பழையதா என்று யாருக்குத் தெரியும்?

வயதானவர்களுக்கு வொயிஸ் மெசேஜ் வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு நிமிட வொயிஸில் மார்ச் 3-ஐத் தேடிப் பிடிக்க முடியாது. கொழும்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். திகதி, மருந்துப் பெயர், எண் என்று எழுதிய செய்தியைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மாற்றப் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டாருக்கோ பத்து நிமிடம் போதும். அம்மா வொயிஸில் சொல்லட்டும், மகள் கேட்டு எழுதட்டும், அம்மா ஒருதரம் வாசித்துச் சரி பார்க்கட்டும். பல டொக்டர்மார் தங்கள் நம்பரைத் தருவதில்லை. அப்போது இதே செய்தியை அச்சடித்து நம்பர் கூப்பிடும் நர்ஸிடம் கொடுக்கலாம்.

கடைசியாகக் கேள்விகள். "என்ன வருத்தம்?" என்று கேட்கவே தேவையில்லை, அதைப் பார்க்கத்தானே போகிறோம். "அம்லோடிபினை நிறுத்துங்கோ" என்று தீர்ப்பை எழுதி அனுப்புவது அதைவிடக் கூடாது, அது டொக்டர் வேறு காரணம் தேடுவதைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கேள்விகள்தான் பதிலை வெளியே கொண்டுவரும். அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுப்பது மூன்று: "10 மி.கி. ஆக்கின பிறகு வந்த வீக்கம், அந்தக் குளிசையால் இருக்கலாமா? தண்ணி போற குளிசை இன்னும் தேவையா? விரல் நோ திரும்ப வந்தால், என் பிரஷருக்கு ஒத்துவரும் எந்த மருந்து எடுக்கலாம்?" பதில் வரும் வரை பிரஷர் குளிசையைத் தானாக நிறுத்தக் கூடாது.

செய்தி எழுதி நேரம் போக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால், படுக்க மூச்சு முட்டினால், நெஞ்சு நோ வந்தால், சனல் நம்பரைப் பார்த்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எழுதி வைத்த தாள் இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோங்கள். அவசரப் பிரிவிலும் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.