மூலைமட்டமா, துளைக்கட்டையா?

அல்சூரில் பக்கத்து வீட்டு அண்ணன் அலமாரிக்கால் செய்கிறார். 8 மி.மீ. மரக்குச்சிக்கு 30 மி.மீ. ஆழத் துளைகள் வேண்டும். கை டிரில் 2 பாகை சாய்ந்தாலே அடியில் 1 மி.மீ. விலகும், பலகைகள் சேராது. எதை வைத்து நேராக்குவது என்று கேட்டார். வழி இரண்டு: மூலைமட்டத்தை டிரில் பிட்டின் அருகே நிறுத்திப் பார்த்துத் துளைப்பது, அல்லது நேரான துளை போட்ட ஒரு கட்டையைப் பலகைமேல் வைத்து, அந்தத் துளை வழியாகவே பிட்டை இறக்குவது.

செலவு: மூலைமட்டம் வீட்டிலேயே இருக்கும். கட்டைக்கு 40 மி.மீ. தடிமனில் கடின மரத்துண்டு போதும். ஆனால் அதன் துளையை பட்டறையின் பெஞ்ச் டிரில்லில் போட வேண்டும். அது சாய்ந்தால் எல்லாமே சாயும்.

நேர்த்தி: இடவலச் சாய்வு நம் கண்ணுக்குத் தெரியும், முன்பின் சாய்வு தெரியாது. அதனால் மூலைமட்டத்தை பிட்டுக்கு முன்னால் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒருவர் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டையில் அந்தக் கவலை இல்லை. கிளாம்பால் இறுக்கினால் சரி.

தேய்மானம்: கட்டைத்துளை நாளடைவில் தளரும். பிட்டைச் செருகி ஆட்டினால் ஆடுகிறதா? புதுக்கட்டை செய்யுங்கள்.

ஆழம்: பிட்டின் நீளத்தில் 40 மி.மீ. கட்டைக்கே போய்விடும். ஆழத் துளையென்றால் கட்டையில் தொடங்கி, பாதியில் அதை எடுத்துவிட்டுத் தொடரலாம். போட்ட துளையே பிட்டை நடத்தும்.

அண்ணனுக்கு 16 துளைகள், எல்லாம் ஒரே அளவு. கட்டைதான் என்றேன். சுவரில் ஒன்றிரண்டு துளைக்கு மூலைமட்டமே போதும்.