சின்ன அறையில் டிவி பார்த்து யோகா: திரை, இடம், சத்தம்

பத்துக்குப் பத்து அடி படுக்கையறையில் டிவியை வைத்து யோகா வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை இன்ச் டிவி வாங்கலாம் என்பதுதான். கேள்வியே கொஞ்சம் தடம் மாறியது. அரை மணி நேரப் பயிற்சியில் முகம் திரையைப் பார்த்திருக்கும் நேரம் குறைவு. குனிந்தால் முழங்கால் தெரியும், அதோமுக ஸ்வானாசனத்தில் பின்சுவர் தெரியும், மல்லாந்து படுத்தால் மின்விசிறி தெரியும். மற்ற நேரமெல்லாம் காதை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே 32 இன்ச் தாராளம். திரையின் அளவைவிட அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குரல் எங்கிருந்து வருகிறது என்பவைதான் மாதக்கணக்கில் பயன்படுத்தும்போது தொல்லை கொடுக்கின்றன.

முதலில் வீடியோவை டிவிக்கு அனுப்புவது. இதில் காஸ்டிங், மிரரிங் என்று இரண்டு வழி. பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். யூடியூபில் காஸ்ட் குறியைத் தொட்டால், போன் டிவியிடம் எந்த வீடியோ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வீடியோவை இணையத்திலிருந்து டிவியே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு போனில் அழைப்பு வந்தாலும், திரை அணைந்தாலும் பயிற்சி நிற்காது. மிரரிங்கில் போன் திரையில் இருப்பதெல்லாம் அப்படியே டிவிக்குப் போகும். வாட்ஸப் செய்தி வந்தால் அதுவும் டிவியில் தெரியும், போன் சூடாகும், திரை அணைந்தால் பெரும்பாலும் படமும் போய்விடும். போனில் சேமித்து வைத்த வகுப்பு வீடியோவுக்கோ, நேரலை வகுப்புக்கோ மிரரிங் தேவைப்படலாம். மற்றதற்கெல்லாம் காஸ்டிங்தான்.

காஸ்ட் குறியே வரவில்லை என்றால் முதலில் போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, போனோ டிவியோ விருந்தினர்களுக்கான கெஸ்ட் வைஃபையில் மாட்டியிருப்பது. அந்த வலையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். உடனே பயிற்சி தொடங்கவேண்டும் என்றால் குறுக்கு வழி உண்டு: டிவியில் யூடியூபைத் திறந்து, செட்டிங்ஸில் `Link with TV code` என்பதற்குப் போனால் ஓர் எண் வரும். அதைப் போனில் உள்ள யூடியூபில் கொடுத்தால் இரண்டும் ஒரே வைஃபையில் இல்லாவிட்டாலும் இணைந்துகொள்ளும்.

பழைய டிவியில் காஸ்டிங் ஸ்டிக் செருகியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியின் நடுவில் ஸ்டிக் தானாக அணைந்து மறுபடி தொடங்கினால் வைஃபையைத் திட்டாதீர்கள். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுத்திருப்பீர்கள். பல டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக் பெரும்பாலும் அதைவிட அதிகம் கேட்கும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டினால் தீர்ந்தது.

இனி இடம். வழக்கமான அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு சுவரை ஒட்டி 4 அடி அகலக் கட்டில். மீதி 6 அடி அகலம், 10 அடி நீளம். அதன் ஒரு கோடியில் பீரோ 2 அடியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 6 அடிக்கு 8 அடி. டிவி கட்டிலுக்கு எதிர்ச்சுவரின் நடுவில் இருக்கும், படுத்துக்கொண்டு பார்க்க வசதியாக. 6 அடி நீள யோகா பாயைக் குறுக்கே போட்டால் ஒரு முனை சுவரிலும் மறுமுனை கட்டிலிலும் இடிக்கும், கை நீட்ட வழியில்லை. நீளவாக்கில்தான் போட முடியும். போட்டால் டிவி விலாப் பக்கம் வந்துவிடும். திரிகோணாசனம் மாதிரிப் பக்கவாட்டில் நின்று செய்யும் ஆசனங்களுக்கு இது நல்லதே, உடம்பு தானாக டிவியைப் பார்த்து நிற்கும். சூரிய நமஸ்காரத்தில்தான் சிக்கல். புஜங்காசனத்தில் மார்பைத் தூக்கி வைத்துக்கொண்டு கழுத்தைத் தொண்ணூறு பாகை திருப்பித் திரையைப் பார்ப்பார்கள். மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டால் குற்றம் ஆசனத்தின் மேல் போகும்.

இதற்கு நல்ல தீர்வு, திருப்பக்கூடிய கை வைத்த சுவர் பிராக்கெட். டிவியைச் சுவரின் நடுவில் மாட்டாமல், பீரோ இல்லாத கோடியில், மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மாட்டுங்கள். இரவில் கட்டிலைப் பார்த்திருக்கட்டும், காலையில் பாயின் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பாயைக் கட்டில் பக்கமாக ஒதுக்கிப் போட்டால் கை விரிக்கும்போது கட்டிலுக்கு மேலேதான் போகும், எதிலும் இடிக்காது. கழுத்துத் திருப்பம் ஓரளவு குறைந்துவிடும். வாங்கும்போது பிராக்கெட் கையின் நீளத்தைக் கேளுங்கள். 32 இன்ச் டிவியின் அகலம் சுமார் 71 செ.மீ. முழுக்கத் திருப்ப அதில் பாதி, அதாவது 36 செ.மீ. கையாவது வேண்டும். இல்லாவிட்டால் டிவியின் ஓரம் சுவரில் முட்டி நின்றுவிடும். 43 இன்ச்சுக்கு 48 செ.மீ. ஆகும். கை நீளும்போது சுவர் போல்ட்டில் இழுவையும் கூடும், ஹாலோ பிளாக் சுவர் என்றால் பொருத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மின்கம்பியையும் எச்டிஎம்ஐ கம்பியையும் தளர்வாக விடவேண்டும், இறுக்கமாக இருந்தால் திருப்பத் திருப்பப் பிளக் கழன்றுவரும்.

உயரம்: திரையின் நடு தரையிலிருந்து மூன்றரை அடி, கீழ்நோக்கிச் சற்றே சாய்வு. நிற்பவருக்குக் கொஞ்சம் தாழ்வு, படுத்திருப்பவருக்குக் கொஞ்சம் உயரம், இரண்டுக்கும் பொறுத்துக்கொள்ளலாம். மல்லாந்து செய்யும் பகுதி வந்தால் கால் டிவியின் பக்கம் இருக்கும்படி படுங்கள். தலை அந்தப் பக்கம் இருந்தால் அண்ணாந்து பார்க்கத் தோன்றும்.

சத்தம்தான் பெரிய விஷயம். பெரும்பாலான டிவிகளின் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்திருக்கும். குரல் சுவரில் பட்டுத்தான் வரும். மேலே மின்விசிறி நாலாம் எண்ணில் ஓடினால் “மூச்சை இழு” கேட்கும், “விடு” காற்றோடு போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடும். டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் `Clear Voice` அல்லது அதுபோன்ற பெயரில் ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள், பேஸைக் குறையுங்கள். அதைவிட நல்லது, உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரைப் பாயின் தலைமாட்டில் ஒன்றரை அடி தள்ளி வைப்பது. பக்கத்தில் இருப்பதால் சின்னச் சத்தமே போதும், காலை ஐந்தரைக்கு அடுத்த அறையில் யாரும் எழமாட்டார்கள். மூலையில் தரையோடு வைத்தால் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். மடித்த துண்டின் மேல், சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: ஸ்பீக்கரைப் போனோடு இணைத்துவிட்டு, சத்தம் ஏன் டிவியிலேயே வருகிறது என்று தேடுவது. காஸ்டிங்கில் ஒலியும் டிவியிலிருந்துதான் வருகிறது, ஆகவே ஸ்பீக்கரை டிவியோடுதான் இணைக்கவேண்டும். சில மலிவு டிவிகளில் புளூடூத் ரிமோட்டுக்கு மட்டும்தான். அவற்றில் இயர்போன் துளை இருந்தால் நீளக் கம்பி போட்டுக்கொள்ளலாம். புளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி பிந்தி வரலாம். யோகாவில் அது தெரியவே தெரியாது. ஏரோபிக்ஸில் பயிற்சியாளரின் கால் தாளத்துக்கு முன்னால் போவதுபோல் தோன்றும். அங்கே காதைப் பின்பற்றுங்கள், காலைப் பார்க்காதீர்கள்.

சவாசனத்துக்கு முன் செய்யவேண்டியது ஒன்று பாக்கி. யூடியூபில் `Autoplay` அணைந்திருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கண்ணை மூடிக் கிடக்கும்போது அடுத்த வீடியோ தலைமாட்டு ஸ்பீக்கரில் முழங்கினால், அதுவரை செய்தது அத்தனையும் போச்சு.