தாய்மாமன் தொப்பியும் சென்னையில் ஒரு முடி நடவும்

டொராண்டோவில் பதினோரு வருடமாகத் தொப்பியோடுதான் இருக்கிறேன். அங்கே குளிர் என்று சொல்லிவிடலாம். ஊரில் அப்படி முடியாது. அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொடுக்க மணவறைக்குப் போனபோது, தொப்பியைக் கழற்றச் சொல்லி போட்டோகிராபரே கேட்டுவிட்டார். நான்கு வார விடுப்பில் கல்யாணம் முதல் வாரத்தோடு முடிந்தது. மிச்ச நாட்களை முடி நடவுக்கென்றே ஒதுக்கியிருந்தேன்.

முதலில் போன இடத்தில் மருத்துவரையே பார்க்க முடியவில்லை. ஆலோசகர் என்று ஒருவர் வந்து, ஒரே நாளில் நாலாயிரம் கிராஃப்ட், அதாவது நாலாயிரம் முடி வேர்களை எடுத்து நட்டு, நெற்றி முடிக்கோட்டை நன்றாக இறக்கி நேர்கோடாக வைத்துத் தருகிறோம் என்றார். என் பின்தலையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும். உதவியாளர்கள் துணைக்கு மட்டும்தான். "தோலில் துளை போடப்போவது யார்?" என்பதுதான் போகிற இடத்தில் எல்லாம் நான் கேட்ட முதல் கேள்வி.

இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் பின்தலையை உருப்பெருக்கியால் வெகுநேரம் பார்த்தார். நடுகிற முடியெல்லாம் அங்கிருந்துதான் வர வேண்டும், எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. அப்பாவின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு அறுபதில் உச்சி முழுக்க வழுக்கை. அதைப் பார்த்தபின் புருவ மத்தியிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு மேலே பென்சிலால் கோடு போட்டார். இரண்டு பக்கமும் கோடு லேசாக உள்வாங்கியிருந்தது. இன்னும் கீழே இறக்கச் சொன்னேன். "இந்தக் கோட்டோட நீங்க அறுபது வயசுலயும் இருக்கணும் சார். கோட்டுக்குப் பின்னாடி இருக்குற முடி உதிர்ந்துட்டே போகும், இது மட்டும் இளவட்டக் கோடா தனியா நிக்கும்" என்றார்.

கணக்கு இதுதான். முன்பக்கம் சுமார் 60 சதுர சென்டிமீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 கிராஃப்ட், மொத்தம் 2,100. உச்சியை விட்டுவிட்டோம். பின்தலையின் இருப்பை இப்போதே தீர்த்துவிட்டால் நாளைக்கு எடுக்க ஒன்றும் இருக்காது.

காலை எட்டு மணிக்குத் தலையை மழித்தார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பத்து நிமிடம்தான் வலி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைக்கருவியால் ஒவ்வொரு வேராக எடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு, ஒற்றை முடி வேர் தனியாக, இரண்டு மூன்று முடி உள்ளவை தனியாகப் பிரித்தார்கள். முன்வரிசைக்கு ஒற்றை முடி மட்டும்தான். கொத்தாக உள்ளதை அங்கே வைத்தால் பொம்மைத் தலை போல் ஆகிவிடும். மதியம் தயிர்சாதத்துக்குப் பிறகு வேர்களை நடுவதற்கான கீறல்களை மருத்துவரே போட்டார். கீறல் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், செங்குத்தாக நின்றால் முடியும் குத்திக்கொண்டு நிற்கும். கோட்டையும் வேண்டுமென்றே நெளிவாக வைத்தார், இயற்கையில் யாருக்கும் நேர்கோடு கிடையாது. முடிய மாலை ஐந்தானது.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி, "பழனியா, திருப்பதியா?" என்று கேட்டார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடே வந்துவிட்டார். நட்ட இடத்தில் எதையும் தடவக்கூடாது என்று சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, நான்காம் நாள் அந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. இரண்டு நாளில் தானாக வடிந்தது. வெளிநாடு திரும்புகிற வாரத்தில் செய்துகொள்பவர்கள் இந்த வீக்கத்தோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். தலையை உயர்த்தித்தான் படுக்க வேண்டும், தலைக்கு முதல் அலசலை மருத்துவமனையிலேயே செய்துகாட்டுவார்கள், பொருக்கு உதிரப் பத்து நாள் ஆகும். அதுவரை தொப்பி கூடாது, உரசினாலே வேர் பிடுங்கிக்கொள்ளும். பதினான்காம் நாள் தளர்வான தொப்பியோடு கிளம்பினேன்.

டொராண்டோவில் மூன்றாம் வாரம் நட்ட முடியெல்லாம் கொட்டியது. கொட்டுவது முடித்தண்டு மட்டும்தான், வேர் உள்ளே உறங்குகிறது என்று முன்பே சொல்லியிருந்தும் தலையணையைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. நான்காம் மாதம் மெல்லிய, கொஞ்சம் சுருண்ட முடி தெரிந்தது. பழைய முடி உதிராமல் இருக்கத் தினமும் ஒரு ஃபினாஸ்டரைடு மாத்திரை எடுக்கிறேன். சிலருக்கு அது தாம்பத்தியத்தில் பாதிப்பைத் தரும் என்பதால் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசித்தான் ஆரம்பித்தேன்.

இப்போது எட்டாம் மாதம். வலது பக்கம் இன்னும் அடர்த்தி குறைவாகத் தெரிகிறதே என்று வாட்ஸ்அப்பில் மருத்துவருக்குப் படம் அனுப்பினேன். பன்னிரண்டு மாதம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் படத்தை அக்காவுக்கும் அனுப்பியிருக்கிறேன், வளைகாப்புக்கு வரும்போது இப்படியே வா என்கிறாள்.