சினிமா போஸ்டரைப் போன் கேமராவால் ஆங்கிலமாக்குவது: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து மாதம் ஒரு தமிழ்ப் படம் பார்க்கிறோம். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. போஸ்டரையும் அதற்கு ஆங்கிலத்தில் நாலு வரியையும் குழுவில் போடுவது என் பொறுப்பு, அதனால் போன் கேமராவில் வரும் மொழிபெயர்ப்பு வசதியைச் சில வருஷமாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். என் அனுபவத்தில் போஸ்டரில் இருக்கும் எழுத்தை எடுத்துக் கொடுக்க அது நல்ல உதவி, ஆனால் தலைப்பையும் பட்டத்தையும் அது தரும் ஆங்கிலத்தில் அப்படியே யாருக்கும் அனுப்பக் கூடாது.

2011இல் வந்த மங்காத்தாவையே எடுத்துக்கொள்கிறேன். போஸ்டரில் கவனிக்க வேண்டியவை மூன்று: அஜித்தின் பெயருக்கு முன்னால் வரும் 'தல' என்ற பட்டம், தலைப்பு, 'எ வெங்கட் பிரபு கேம்' என்ற துணைவரி. துணைவரி ஆங்கிலத்திலேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. மற்ற இரண்டில்தான் எல்லாச் சிக்கலும்.

தலைப்பு எழுத்துகள் அச்செழுத்து இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வரைவது. கால் நீளும், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வரும், துணைக்கால் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். செயலி 'த்தா' என்ற கடைசிப் பகுதியைச் சரியாகப் பிடிக்காமல் 'மங்காத' என்று படித்துவிட்டு, மங்கிப்போகாத என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டது. எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்திருந்தால் ஏதோ தப்பு என்று யாருக்கும் தெரிந்திருக்கும். இதுவோ உண்மையான தமிழ்ச் சொல், படத்தலைப்பாகவும் பொருந்தும், தமிழ் தெரியாத ஒருவர் சந்தேகமே இல்லாமல் நம்பிவிடுவார். அதனால் இப்போது நேரடியாக மொழிபெயர்ப்பைப் பார்ப்பதில்லை. நேராக நின்று, வெளிச்சம் பட்டுப் பளபளக்காத கோணத்தில் ஒரு போட்டோ எடுப்பேன், தலைப்பை மட்டும் வெட்டித் தனியாகக் கொடுப்பேன், முதலில் தமிழ் எழுத்தை மட்டும் நகலெடுத்துப் போஸ்டரோடு ஒப்பிடுவேன். புள்ளியும் துணைக்காலும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலான தப்பு அகப்பட்டுவிடும்.

எழுத்து சரியாக வந்த பிறகும் பொருள் வராது. மங்காத்தா ஒரு சீட்டாட்டம், 'உள்ளே வெளியே' என்றும் சொல்வார்கள். ஒரு சீட்டைக் குறித்துப் பணம் கட்டுவார்கள், சீட்டுக் கட்டிலிருந்து உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே போவார்கள், அந்தச் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவருக்கு ஜெயம். இது தெரிந்தால்தான் துணைவரியில் வரும் 'கேம்' ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும், கிரிக்கெட் சூதாட்டப் பணத்தைச் சுற்றி நடக்கும் கதைக்கு இந்தத் தலைப்பு எவ்வளவு கச்சிதம் என்பதும் புரியும். நான் தலைப்பை மொழிபெயர்ப்பதே இல்லை. மங்காத்தா என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'எந்தப் பக்கம் சீட்டு விழும் என்று பணம் கட்டும் ஆட்டம், வடக்கே அந்தர் பாஹர்' என்று ஒரே வரி சேர்த்தேன். வட இந்திய நண்பர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

'தல'க்கு வருவோம். செயலி அதை உடம்பில் இருக்கும் தலையாக்கிவிட்டது. ஆங்கிலத்தில் சிறப்புப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், தமிழில் அப்படி ஓர் அடையாளம் கிடையாது, எனவே பட்டம் எது சாதாரணச் சொல் எது என்று எழுத்தைப் பார்த்துச் செயலியால் பிரிக்க முடியவில்லை. இதற்கு நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சின்னது: நகலெடுத்த வரியில் 'தல என்ற பட்டம் கொண்ட நடிகர் அஜித்குமார்' என்று நானே சொற்களைச் சேர்த்துக் கொடுப்பது. அப்போது பெரும்பாலும் ஒலிபெயர்த்துத் தருகிறது. படத்தலைப்புக்கும் 'என்ற திரைப்படம்' என்று பின்னால் ஒட்டினால் அதே பலன் கிடைக்கிறது.

சூப்பர் ஸ்டார் வேறு மாதிரி. அதில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை, செயலி சரியாகவே தரும், ஆனாலும் பொருள் தவறிவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் யார் வேண்டுமானாலும் அணியக்கூடிய அடைமொழி, இங்கே அது ஒரே ஒருவரின் பெயர். 1992இல் அண்ணாமலையில் வந்ததிலிருந்து அந்த எழுத்துகள் திரையில் ஓடும்போதே விசில் பறக்கிறது. அதனால் ரஜினி போஸ்டருக்குப் பட்டத்தை விளக்காமல் 'இந்தப் பட்டம் தமிழ்நாட்டில் இவர் ஒருவருக்கே' என்று மட்டும் சேர்க்கிறேன்.

செயலி தொடர்ந்து சொதப்பும் இன்னொரு இடம் போஸ்டரின் வாக்கியம். நம் போஸ்டர் மேலிருந்து கீழாக ஒரே வாக்கியம்: இன்னார் வழங்கும், இன்னார் நடிக்கும், இன்னார் இசையில், இன்னார் இயக்கத்தில், கடைசியில் படத்தின் பெயர். 'வழங்கும்', 'நடிக்கும்' எல்லாம் அந்தக் கடைசிப் பெயரைப் போய்த் தொட வேண்டிய பெயரெச்சங்கள். செயலியோ ஒவ்வொரு கட்டத்தையும் தனி வாக்கியமாக எடுத்துக்கொள்வதால், யாரோ எதையோ வழங்குவார், யாரோ எப்போதாவது நடிப்பார் என்று எதிர்காலத்தில் முடித்துவைக்கிறது. எல்லா வரியையும் நகலெடுத்து, ஒரே வரியாகக் கோத்து, தலைப்பைக் கடைசியில் வைத்துக் கொடுத்தால் ஆங்கிலம் பெரும்பாலும் ஒழுங்காக வருகிறது.

இவ்வளவு செய்தும் கைக்கு அடங்காத தலைப்புகள் உண்டு. 2013இல் வந்த சூது கவ்வும் அப்படி. எழுத்து சரியாக வந்தது, சூது எதையோ பற்றும் என்கிற மாதிரி ஆங்கிலமும் வந்தது, சொல்லுக்குச் சொல் அதில் தப்பில்லை. ஆனால் அது பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் வரும் 'தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும். தருமம் மறுபடி வெல்லும்' என்பதில் நடுவில் நறுக்கி எடுத்த துண்டு. தமிழ் படித்தவர் போஸ்டரைப் பார்த்த மாத்திரத்தில் மீதியை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார், தலைப்பில் தருமம் வெல்லும் பகுதி விடுபட்டிருப்பதைக் கவனிக்கிறார், படத்திலும் தருமம் கடைசிவரை வெல்வதில்லை. தலைப்பின் சுவாரசியமே அச்சில் இல்லாத பாதியில் இருக்கிறது, அச்சில் இல்லாததைக் கேமரா எப்படி எடுக்கும்? இதற்கு நான் பாரதியின் இரண்டு அடியையும் ஆங்கிலத்தில் எழுதி, தலைப்பாக வந்த பகுதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன். நீளம்தான், ஆனால் அன்று படம் முடிந்ததும் தமிழ் தெரியாத ஒரு நண்பர் தானாகவே அந்த இரண்டாம் அடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பட்டங்களை எழுதும்போது போஸ்டரின் வருஷத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெர்சலுக்கு முன்னால் விஜய் இளைய தளபதி, 2017இல் அந்தப் படத்திலிருந்துதான் தளபதி. அஜித் 2021 டிசம்பரில் தன்னைத் தல என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போஸ்டரில் அன்றைக்கு என்ன அச்சாகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் குறிப்பு எழுத வேண்டும்.

பழைய படங்களுக்கு இந்த வசதியை நான் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய போஸ்டர்களில் ணை, லை, ளை, னை எல்லாம் கொம்பு வளைந்த பழைய வடிவத்தில் இருக்கும், செயலி அங்கே தடுமாறுகிறது. எங்க வீட்டுப் பிள்ளை போஸ்டரில் கடைசி எழுத்தே அப்படித்தான். கலைவாணர் என்ற பட்டத்தில் இரண்டாம் எழுத்து. இந்தப் போஸ்டர்களுக்குப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து நானே தட்டச்சு செய்துவிடுகிறேன், திருத்திக்கொண்டிருப்பதைவிட அது சீக்கிரம் முடிகிறது.