நம்பர் பிளேட்டா, ஓட்டுநரின் முதுகுப்புறமா? மூன்று சக்கர வண்டியைப் படத்தில் பிரிப்பது

என் அண்ணன் மகள் கல்லூரி வேலைக்காகத் திருப்பூர் பல்லடம் சாலையில் நிறையப் படம் எடுத்திருந்தாள். அதிலிருந்த மூன்று சக்கர வண்டிகளைப் பயணிகள் ஆட்டோ, லோடு ஆட்டோ, இ-ரிக்‌ஷா என்று பிரிக்க நானும் கூட உட்கார்ந்தேன். முதலில் நம்பர் பிளேட் நிறத்தை வைத்துப் பிரித்தோம். பாதியிலேயே அதை விட்டுவிட்டு, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். இன்றைக்கும் நான் அந்த முறையின் பக்கம்தான்.

மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி, பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடும் மின்சார வண்டி. அதற்கு மேல் பிளேட் எதுவும் சொல்லாது. ஆள் ஏற்றும் மின்சார ஆட்டோ, சரக்கு ஏற்றும் மின்சார ஆட்டோ, இ-ரிக்‌ஷா மூன்றுக்கும் அதே பச்சைதான்.

எங்களைத் திணறடித்தவை நேர் எதிரே எடுத்த படங்கள். ஒரே கம்பெனி ஆள் வண்டியையும் லோடு வண்டியையும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு செய்கிறது. ஒரு படத்தில் மஞ்சள் பிளேட், முன்பக்கம் மட்டும் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கி முன் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் இருட்டாக ஒரு தகடு, நடுவில் சின்ன ஜன்னல். பயணிகள் ஆட்டோவாக இருந்தால் பக்கத் திறப்புகளிலிருந்து வெளிச்சம் விழுந்து பின் சீட்டின் மேல்விளிம்பு தெரிந்திருக்கும். உறுதி செய்ய கேபினின் இரண்டு ஓரங்களையும் பார்த்தோம். சரக்குத் தொட்டி கேபினைவிட அகலமாக இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. சரி, லோடு ஆட்டோதான்.

அடுத்த படத்தில் பின் சீட் முழுக்க பனியன் மூட்டை. "சித்தப்பா, இதை லோடுல போட்டுறலாங்களா?" என்று கேட்டாள். கூடாது. ஹூடும் சீட்டும் இருக்கிற வரைக்கும் அது பயணிகள் ஆட்டோதான். மூட்டை இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். உடல்தான் வகையைத் தீர்மானிக்கிறது.

இ-ரிக்‌ஷா எங்கள் பக்கம் குறைவு, அதனால் ஒன்றிரண்டு படங்களை வைத்தே சொல்கிறேன். பக்கவாட்டுப் படம் கிடைத்தால் சுலபம். எதிரெதிரே இரண்டு சீட், ஒல்லியான கம்பித் தூண்கள், தட்டையான கூரை. ஓட்டுநரைத் தவிர 4 பேர், மணிக்கு 25 கிலோமீட்டர் என்று விதி கட்டுப்படுத்தும் வண்டி அது. மின்சார ஆட்டோவிலோ சாதாரண ஆட்டோ மாதிரியே முன்னோக்கிய ஒரே சீட். நேர் எதிரே எடுத்த படம் என்றால் முன் சக்கரத்தைப் பாருங்கள். பல இ-ரிக்‌ஷாக்களில் பைக் மாதிரி இரண்டு பக்கமும் ஃபோர்க் இறங்கும், சக்கரமும் பெரிதாக, மெலிதாக இருக்கும். மூடிய முகத்தோடு வரும் மாடல்களில் இந்த அடையாளம் கைகொடுக்காது.

குப்பை அள்ளும் பேட்டரி வண்டிதான் கடைசிவரை இழுத்தது. முகம் இ-ரிக்‌ஷா, பின்னால் வரிசையாகத் தொட்டிகள். முதுகுப்புறம் சீட் இல்லாததால் சரக்கு வகையில் போட்டோம். விதியும் அப்படிச் சரக்கு ஏற்றுவதை இ-கார்ட் என்று தனியாகத்தான் பிரிக்கிறது.