9,400 ரூபாய் கண்ணாடி, வெடித்துப்போன கோட்டிங்: 'ஹீட் ப்ரூஃப்' என்று சொன்னால் நம்பாதீர்கள்

கண்ணாடி போடுகிறவர்கள், அதிலும் காரில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. ஊருக்கு ஊர் கிளை வைத்து, ஏசி போட்டு, உள்ளே நுழைந்ததும் காபி கொடுத்து உட்கார வைக்கிற வகைக் கடை. அந்தக் காபிக்கும் சேர்த்துத்தான் 9,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு உரக் கம்பெனியில் வேலை. மதுரையைச் சுற்றி நாள் முழுக்க அலைச்சல். கிட்டப்பார்வை, அதனால் ஓட்டும்போது கண்ணாடி வேண்டும். கடைக்குள் போய் ஆட்களிடம் பேசும்போது கழற்றி காரிலேயே வைத்துவிடுவேன். இதை விற்பனைப் பையனிடம் முதலிலேயே சொன்னேன். "தம்பி, என் கண்ணாடி வெயிலில் நிற்கிற காரில்தான் பாதி நாள் கிடக்கும். இந்த ஆன்டிகிளேர் கோட்டிங் தாங்குமா?"

அவன் யோசிக்கவே இல்லை. "சார், இது ஹீட் ப்ரூஃப். டேஷ்போர்டில் போடுங்க, ராத்திரி வெந்நீரில் கழுவுங்க, ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருஷ கோட்டிங் வாரண்ட்டி."

சொன்னதோடு நிற்கவில்லை. மாதிரி லென்ஸ் ஒன்றை எடுத்து மார்க்கர் பேனாவால் கிறுக்கித் துடைத்துக் காட்டினான். தண்ணீர் ஊற்றினான், முத்து முத்தாக உருண்டு ஓடியது. நீல லேசரை அடித்தான். நான் கேட்டது சூடு. அவன் காட்டிய மூன்றில் ஒன்றுகூட சூட்டுக்கான சோதனை இல்லை என்பது அப்போது உறைக்காதபடிக்கு அவ்வளவு வேகம், அவ்வளவு மரியாதை. பில்லில் 'கோட்டிங் வாரண்ட்டி 2 வருடம்' என்று எழுதி, சீல் அடித்து, இரண்டு கையாலும் நீட்டினான். 9,400 ரூபாய் கார்டில் போனது.

மே மாதம் பாதிகூடத் தாண்டவில்லை. இரவில் ஓட்டும்போது எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம். அழுக்கு என்று துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டு லென்ஸிலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை வறண்ட கண்மாய் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு.

கடைக்குப் போனேன். அதே பையன், ஆனால் என்னைப் பார்த்த ஞாபகமே இல்லாத முகம். துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "ஸ்கிராட்ச் சார், டிஷ்யூவில் துடைச்சிருப்பீங்க" என்றான். கீறல் என்றால் நகத்தில் தட்டாதா என்று கேட்டேன். மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹீட் டேமேஜ். கஸ்டமர் ஹேண்ட்லிங். வாரண்ட்டியில் வராது" என்று முடித்துவிட்டார். வாரண்ட்டி அட்டையின் பின்பக்கம், எறும்பு எழுத்தில், 60 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பொறுப்பில்லை என்று இருக்கிறது. அந்த அட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டு, பணம் கட்டிய பிறகு கைக்கு வந்தது. உங்கள் பையன்தானே காரில் வைக்கலாம், வெந்நீரில் கழுவலாம் என்றான் என்றால், "அவர் அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை சார்." பையன் பக்கத்திலேயே நின்று ஷெல்ஃபைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டால் பாட்டு. புகார் எண் கொடுத்தார்கள். அடுத்த நாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். என்ன தீர்த்தார்கள் என்று கேட்டதற்கு, புது லென்ஸ் வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். 9,400 ரூபாயை முழுங்கியவனிடமே மறுபடி பணம் கட்ட வேண்டுமாம்!

என் சித்தப்பா மகன் லென்ஸ் தயாரிக்கிற லேபில் வேலை பார்க்கிறான். அவனிடம் காட்டினேன். மொபைல் டார்ச்சை அடித்து, லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "அண்ணே, இதுக்குப் பேரு கிரேசிங். சூட்டில் கோட்டிங் வெடிச்சிருக்கு. இதில் வியப்பே இல்லை. அந்தப் பையன் தாங்கும்னு சொன்னதுதான் வியப்பு."

அவன் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இன்று நாம் போடுகிற லென்ஸ் பெரும்பாலும் கடைக்காரர் மொழியில் ஃபைபர், அதாவது பிளாஸ்டிக். அதன் மேல் கீறல் விழாமலிருக்க ஹார்டு கோட் என்று ஒரு வார்னிஷ் மாதிரியான பூச்சு, சில மைக்ரான் கனத்தில். அதற்கும் மேலேதான் ஆன்டிகிளேர். அது வெற்றிட அறைக்குள் ஆவியாக்கிப் படியவைத்த சிலிக்கா, டைட்டானியம் ஆக்ஸைடு, ஸிர்க்கோனியம் ஆக்ஸைடு போன்றவற்றின் அடுக்குகள். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் பொதுவாக அரை மைக்ரான் கனம்கூட வராது. ஒரு மில்லிமீட்டரை 2,000 பங்காக்கினால் அதில் ஒன்றுக்கும் குறைவு. பேருக்கு மெலிசு, குணத்தில் கண்ணாடி, பீங்கான் ஜாதி. இழுத்தால் நீளாது, உடையும்.

பிரச்சினை சூடேறும்போது வருகிறது. 50 மி.மீ. அகல பிளாஸ்டிக் லென்ஸ் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் சுமார் 0.2 மி.மீ. விரியும். பிளாஸ்டிக்கைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். மேலே உள்ள ஆக்ஸைடு அடுக்கு தானாக விரிவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், சிலிக்காவோ அதையும்விட மிகக் குறைவு. ஆனால் அது லென்ஸோடு ஒட்டியிருக்கிறதே! லென்ஸ் விரிகிற அளவுக்குத் தானும் இழுபட்டாக வேண்டும். ஓர் அளவு வரை தாங்கும், அதைத் தாண்டினால் பல இடத்தில் ஒரே நேரத்தில் விட்டுப்போகும். லென்ஸ் ஆறிச் சுருங்கினாலும் உடைந்த அடுக்கு மறுபடி ஒட்டாது. அப்புறம் தண்ணீரும் சோப்பும் அந்த வெடிப்புக்குள் இறங்கி, செதில் செதிலாக உரியவும் ஆரம்பிக்கும். நிஜக் கண்ணாடி லென்ஸில் இந்தக் கதை கிடையாது. கண்ணாடியும் கோட்டிங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விரிகிறவை, பூசுவதே நல்ல சூட்டில்தான்.

சரி, காரில் அவ்வளவு சூடு வருமா என்று எனக்குச் சந்தேகம். அவன் லேபிலிருந்து இன்ஃப்ராரெட் வெப்பமானியை எடுத்துவந்து, மதியம் வெயிலில் நின்ற என் காரின் டேஷ்போர்டில் அடித்துக் காட்டினான்: 74 டிகிரி. முன் கண்ணாடி வழியாக நேராக வெயில் விழுகிற இடம், கறுப்பு பிளாஸ்டிக், மேலே கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பெட்டி கீறலிலிருந்துதான் காப்பாற்றும், சூட்டிலிருந்து காப்பாற்றாது. சீட்டுக்குக் கீழே நிழல் என்பதால் சூடு குறைவு. ஆனாலும் பூட்டிய காரின் காற்றே கோடையில் 55, 60 டிகிரியைத் தொடும் என்பதால் அங்கேயும் விட்டுவைக்காதே என்றான்.

வெந்நீர்? கீசர் தெர்மோஸ்டாட் பல வீட்டில் 60 டிகிரியை ஒட்டியே இருக்கும். பச்சைத் தண்ணீர் கலக்காமல் நேராகக் குழாயில் பிடித்து லென்ஸை முக்கினால் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் சூடேறும். காரில் ஏற்கெனவே களைத்துப்போன கோட்டிங்குக்கு அது போதும். ஒரே நாளில் வெடிக்க வேண்டும் என்றில்லை. தினமும் விரிந்து சுருங்கி, வெயில் பட்டு, தாங்கும் அளவே இறங்கிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் சொன்னான், இது கடைக்காரர்களிடம் வாதாட உதவும். வெடிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு லென்ஸிலும் முழுக்க ஒரே சீராக இருந்தால் கண்ணாடி மொத்தமாகச் சூட்டில் இருந்திருக்கிறது. ஃப்ரேமின் விளிம்பை ஒட்டி, அல்லது ரிம்லெஸ் கண்ணாடியில் திருகுத் துளையைச் சுற்றி மட்டும் கோடு கோடாக இருந்தால், லென்ஸைப் பெரிதாக வெட்டி ஃப்ரேமுக்குள் இறுக்கித் திணித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கடையில் ஃப்ரேமை வளைக்க ஹீட்டர் வைத்திருப்பார்கள். அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டும். லென்ஸைக் கழற்றாமல் அதில் காட்டினாலும் வெடிக்கும். அட்ஜஸ்ட் செய்து வாங்கிய அன்றே வெடிப்புத் தெரிந்தால் அது உங்கள் கைவேலை இல்லை. என்னுடையது முழுக்கப் பரவியது, சூடுதான். அதனால்தான் எனக்குக் கூடுதல் எரிச்சல். சூட்டுக்குத் தாங்குமா என்று கேட்டு, தாங்கும் என்ற பதிலுக்குத்தானே 9,400 கொடுத்தேன்?

பக்கத்துத் தெருக் கடையில் 'பாலிஷ் போட்டால் போயிடும், 600 ரூபாய்' என்றார்கள். போகாது. அரை மைக்ரான் அடுக்கைப் பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகப் பெயரும், பவர் கெடவும் வாய்ப்பு. லேபில் ரசாயனம் போட்டுக் கோட்டிங்கை மொத்தமாக எடுக்க முடியும், ஆனால் ஹார்டு கோட்டும் சேர்ந்து போகலாம். லென்ஸ் மாற்றுவதுதான் வழி.

எப்படித் தவிர்ப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இறங்கும்போது கண்ணாடியும் கூடவே இறங்கட்டும், சட்டைப்பையிலாவது கிடக்கட்டும். கழுவப் பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். கையை எடுக்காமல் வைத்திருக்க முடியாத சூட்டில் லென்ஸை வைக்காதீர்கள். அடுப்பின் அனல், ஹேர் டிரையர் பக்கம் வேண்டாம். அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம், கிட்டவே வரக்கூடாது. ஃப்ரேம் அட்ஜஸ்ட் செய்யக் கொடுத்தால் லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்.

வாங்கும்போது வாரண்ட்டி அட்டையின் பின்பக்கத்தைப் பணம் கட்டும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'ஹீட் ப்ரூஃப்' என்று வாயால் சொல்கிறவனை அதையே பில்லில் எழுதச் சொல்லுங்கள், எத்தனை டிகிரி வரை என்பதோடு. எழுதமாட்டான். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில், அட்டை, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த லென்ஸ் படம், 'தீர்க்கப்பட்டது' மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் வெடித்த லென்ஸைத் தூக்கி எறியாதீர்கள், தள்ளுபடி ஆசைகாட்டிக் கடையில் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.